11 வகைப் பொடி, ஊறுகாய், அப்பளம்: கடைக்குப் போகும்போது எதை எடுத்துப் போவது?

வசந்தி_தஞ்சை

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் செய்து அக்கம்பக்கத்துக்கும் கணவர் அலுவலகத்துக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்து தஞ்சாவூரைச் சுற்றி ஒரு 20 மளிகைக் கடைகளுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று எண்ணம். இப்போது என்னிடம் இருப்பவை: இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, சாம்பார் பொடி, ரசப் பொடி, வத்தக்குழம்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், பூண்டு ஊறுகாய், மாங்காய்த் தொக்கு, மாவடு, உளுந்து அப்பளம்.

எல்லாவற்றையும் கொண்டு போகவா, சிலதை மட்டும் எடுக்கவா? தெருவில் எல்லோரும் பூண்டு ஊறுகாயைத்தான் புகழ்கிறார்கள். இட்லிப் பொடி கிலோ 400 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். கடைக்கு என்ன விலை வைப்பது? எத்தனை மாதம் கெடாது என்று போடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ருசி_ரமேஷ்

11-ஐயும் போடுங்க அக்கா. ஒரே லேபிளில் 11 பாக்கெட் வரிசையா தொங்கினால்தான் கடையில் பிராண்டு மாதிரி தெரியும். ரெண்டு மூணு ஐட்டம் மட்டும் வெச்சா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. சின்ன அளவுல விற்பனை இருந்தா உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐல பதிவு எல்லாம் வேண்டாம். ஊறுகாய்க்கு மேல நல்லெண்ணெய் நிக்கிற மாதிரி ஊத்திட்டா ஒரு வருஷம் ஒண்ணும் ஆகாது. பெரிய கம்பெனிக்காரங்க போடுற தேதியையே நீங்களும் போடுங்க. விலையை மட்டும் அவங்களைவிடக் குறைவா வைங்க.

மளிகை_முருகேசன்

பாபநாசத்தில் கடை வைத்திருக்கிறேன், வாங்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். புதுச் சரக்குக்கு நான் கொடுக்கிற இடம் ஒரு அடி அகலம், அவ்வளவுதான். 11 வகையும் வகைக்கு 6 என்று வைத்தால் 66 பாக்கெட். அதில் ரெண்டு வகை ஓடும், மீதி தூசி படியும். மூன்று மாதம் கழித்து அந்த ஒன்பது வகையை நான் திருப்பும்போது, ஓடிய ரெண்டையும் சேர்த்தே எடுத்துவிடுவேன். ஏனென்றால் என் கண்ணுக்கு அது ஓடாத கம்பெனி. வகை கூடக் கூட உங்கள் நல்ல சரக்கின் பேரும் கெடும்.

புதுசாக வருகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டே கேள்விதான். விற்காததை எடுத்துக்கொள்வீர்களா? அடுத்த வாரம் இதே கிழமை வருவீர்களா? ருசி எனக்குத் தெரியாது, வாடிக்கையாளர் சொன்னால்தான் தெரியும். அதற்கு முதல் பாக்கெட் கை மாற வேண்டும். அதனால் 100 கிராம் போடுங்கள். 250 கிராம் புதுப் பேரில் யாரும் எடுப்பதில்லை. பத்து ரூபாய் பாக்கெட் கையால் கட்டினால் கட்டுபடியாகாது, அது இயந்திரம் வைத்திருப்பவர்கள் வேலை.

ஊறுகாய் என் கடையில் பெயர் சொல்லிக் கேட்கிற பொருள். ஏற்கெனவே நாலு கம்பெனி இருக்கிறது, ஐந்தாவதை எடுக்க வைப்பது கஷ்டம். இட்லிப் பொடி, பருப்புப் பொடியில் அவ்வளவு பிடிவாதம் இல்லை. “வீட்டுப் பொடி ஏதாவது இருக்கா” என்றே கேட்கிறார்கள்.

பார்வதி_அரைவை

வசந்தி, முருகேசன் அண்ணன் சொன்னது கடைப் பக்கம். செய்யும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே இடத்துக்குத்தான் வருகிறது. தெருவில் புகழ் வாங்குவது புதுசாக இருக்கும்போது நன்றாக இருக்கும் பொருள். கடைக்குத் தேவை நான்கு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும் பொருள். உங்கள் பட்டியலை ‘எது சீக்கிரம் கெடும், எப்படிக் கெடும்’ என்று கேட்டுப் பிரித்துப் பாருங்கள்.

கறிவேப்பிலைப் பொடி வெளிச்சத்தில் நிறம் போகும். கண்ணாடிக் கதவோரம் தொங்கினால் சில வாரத்தில் பழுப்பாகிவிடும். ருசி இருக்கும், ஆனால் யாரும் எடுக்க மாட்டார்கள். சாம்பார் பொடி நிற்கும், ஆனால் கொத்தமல்லியை வெயிலில் மட்டும் காயவைத்து அரைத்தால் வண்டு வரும், அதையும் லேசாக வறுத்தே ஆகவேண்டும். ரசப் பொடிக்கு உயிரே மிளகு, சீரக வாசனைதான், அது பறந்துவிட்டால் வெறும் காரம். இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் முழுக்க வறுத்த சரக்கு, ஈரம் குறைவு. ஒரே வாணலி, ஒரே சல்லடை, ஒரே அளவு பவுச்சில் அடங்கும். உளுந்து, கடலைப் பருப்பு, மிளகாய், பெருங்காயம் என்று ரெண்டுக்கும் பொதுவான சரக்கையும் மொத்தமாக வாங்கலாம். ஆரம்பம் இந்த ரெண்டோடு போதும்.

இட்லிப் பொடியில் சீக்கிரம் கெடுவது எள். முழுதாக இருக்கும்வரை எண்ணெய் உள்ளேயே இருக்கும், அரைத்தால் வெளியே வந்து காற்று பட்டுச் சிக்கு வாடை எடுக்கும். வீட்டுக்குச் செய்கிற அளவு எள்ளைக் கடைப் பாக்கெட்டில் போடாதீர்கள், நூற்றுக்கு 12 பங்குக்கு மேல் வேண்டாம். அதை மில்லிலும் கொடுக்காதீர்கள். கல்லில் சூடேறி எண்ணெய் விட்டுக் கட்டிக்கொள்ளும். உப்போடு சேர்த்து மிக்ஸியில் கொரகொரவென்று தனியாகப் பொடித்து கடைசியில் கலக்க வேண்டும்.

மில்லில் இன்னொரு தொல்லையும் உண்டு. உங்களுக்கு முன்னால் அரைத்தவரின் மாவு உள்ளே ஒட்டியிருக்கும். அது வண்டு முட்டையோடு வந்தால் நீங்கள் வறுத்ததெல்லாம் வீண். காலையில் முதல் ஆளாகப் போய், அரைக் கிலோ வறுத்த கடலைப் பருப்பை முதலில் ஓடவிட்டு அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு உங்கள் சரக்கைப் போடுங்கள்.

வறுப்பில் ஒரு சோதனை: உளுந்தை நாலைந்து எடுத்து உடைத்துப் பாருங்கள். வெளியே சிவந்து நடுவில் வெள்ளையாக இருந்தால் தீ அதிகம், நேரம் குறைவு. அது பச்சை வாடை அடிக்கும், சீக்கிரமும் கெடும்.

அரைத்து வந்ததும் பொதியாதீர்கள். எவர்சில்வர் தட்டில் பரப்பி இரண்டு மூன்று மணி நேரம் நடுநடுவே கிளறி ஆறவிடுங்கள். ஆறியதா என்று கை சொல்வதை நம்ப முடியாது. உலர்ந்த கண்ணாடித் தம்ளரில் கால்வாசி பொடி போட்டு தட்டால் மூடி பத்து நிமிடம் வையுங்கள். தட்டின் அடியில் துளி ஆவி தெரிந்தாலும் இன்னும் ஆறவில்லை. அந்த ஆவிதான் பாக்கெட்டுக்குள் உப்பை நனைத்துக் கட்டியாக்கும்.

கடைசியாக ஒட்டு. பவுச்சின் வாயில் பொடி படிந்திருந்தால் சீலர் ஒட்டியது போலத் தெரியும், ஆனால் அந்தத் தூசி வழியே காற்று போகும். புனல் வைத்து நிரப்பி, வாயை உலர்ந்த துணியால் துடைத்த பிறகு ஒட்டுங்கள். தினம் கட்டியதில் ஒன்றிரண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் அன்றைய சீலர் சூட்டைச் சரிபார்க்க வேண்டும்.

ருசி_ரமேஷ்

இதெல்லாம் சரி மேடம், ஆனா விலைதான் முக்கியம். அக்கா கிலோ 400-க்கு விக்கிறாங்க, 100 கிராம் 40 ரூபா. கடைக்கு 45 போட்டா பறக்கும். பேர் தெரிஞ்ச பிறகு ஏத்திக்கலாம்.

பார்வதி_அரைவை

45-ல் பறக்கும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டோடும் உங்கள் காசும் சேர்ந்து பறக்கும். கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். சரக்கு விலை ஊருக்கு ஊர் மாறும், உங்கள் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ கலவைக்கு உளுந்து 400 கிராம் 52 ரூபாய், கடலைப் பருப்பு 200 கிராம் 20, வற்றல் மிளகாய் 190 கிராம் 42, எள் 120 கிராம் 24, உப்பு 70 கிராம் 2, கூட்டுப் பெருங்காயம் 20 கிராம் 18. மொத்தம் 158 ரூபாய். ஆனால் கையில் ஒரு கிலோ வராது. வறுப்பில் ஈரம் போகும், மில்லில் ஒட்டும், சல்லடையில் நிற்கும். 6 சதவீதம் போய் 940 கிராம்தான் வரும் என்று வையுங்கள். அப்போது கிலோ 168, 100 கிராமுக்கு 16.80. வீட்டில் விற்கும்போது இந்த 6 சதவீதத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அதோடு எரிவாயுவும் அரைவையும் 3.50. வறுக்க, சலிக்க, கட்ட ஆகும் கூலி 5. உங்கள் கைதான் என்றாலும் எழுதுங்கள், நாளைக்கு ஆள் வைத்தால் அது வெளியே போகிற காசு. ஜிப் வைத்த பவுச் சின்ன எண்ணிக்கையில் வாங்கினால் 4.50, லேபிள் 1.50, அட்டைப்பெட்டி, டேப் 1. ஆக 32.30 ரூபாய்.

இப்போது எம்ஆர்பி 65 என்று வைப்போம். கடைக்காரருக்கு 20 சதவீதம், அதாவது 13 ரூபாய். உங்களுக்கு வருவது 52. நூற்றுக்கு ஐந்து பாக்கெட் திரும்பி வரும் என்று 2.60 ஒதுக்குங்கள். 20 கடைச் சுற்றுக்கு 250 ரூபாய் பெட்ரோல் போட்டு 100 பாக்கெட் விற்றால் தலைக்கு 2.50. மிச்சம் 14.60. நாளை ஒரு விநியோகஸ்தர் வந்தால் அந்த 52-ல் ஒரு 10 சதவீதம் கேட்பார். பெட்ரோல் மிச்சமானாலும் உங்களுக்கு 12 ரூபாய்க்குள் வந்துவிடும்.

தம்பி சொன்ன 45-க்குப் போடுங்கள். கடைக்காரர் 9 எடுத்தால் 36. அதில் 32.30 போனால் 3.70. திரும்புவதற்கு 1.80, பெட்ரோலுக்கு 2.50. பாக்கெட்டுக்கு 60 பைசா கையைக் கடிக்கும். பிறகு ஏற்றலாம் என்றால், 45 என்று பழகிய கடைக்காரர் 65-க்கு எடுக்கவே மாட்டார்.

மளிகை_முருகேசன்

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் 65, வீட்டு வாசலில் 40 என்று இருந்தால் ஒரே மாதத்தில் எனக்குத் தெரிந்துவிடும். “அவங்க வீட்டுலயே கம்மிக்குத் தர்றாங்களே” என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால் போதும், நான் எடுத்துவிடுவேன். தெருக்காரர்களுக்கும் விலையை ஏற்றத்தான் வேண்டும். வேண்டுமானால் அவர்களுக்கு பவுச் இல்லாமல், சொந்த டப்பாவில், அரைக்கிலோவுக்குக் குறையாமல் என்று தனியாக வையுங்கள். அது வேறு சரக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

உணவு_கீதா

பூண்டு ஊறுகாய் பற்றி யாரும் பேசவில்லை. ரமேஷ் சொன்னதில் பாதிதான் சரி. எண்ணெய் மேலே நின்றால் காற்று படாது, பூஞ்சணம் வராது, அது உண்மை. ஆனால் காற்றே இல்லாத இடத்தில் வளரும் கிருமி ஒன்று இருக்கிறது, பொட்டுலிசம் என்கிற நஞ்சு அதனால்தான் வருகிறது. பூண்டு மண்ணுக்குள் விளைவது, இயல்பாகப் புளிப்பும் கிடையாது. எண்ணெய்க்கு அடியில் புளிப்பில்லாத பூண்டு என்றால் அந்தக் கிருமிக்கு வசதியான இடம். வாடையோ நுரையோ இல்லாமலும் இருக்கலாம், ருசி பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எனவே பூண்டு ஊறுகாயில் புளிப்புதான் காவல். புளிப்பை அளக்கும் பிஹெச் எண், புளிப்பு கூடக் கூடக் குறையும்; அது 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. கடைக்குப் போகிற சரக்கு 4-க்குக் கீழே இருப்பது நல்லது. எலுமிச்சைச் சாறு, வினிகர், புளி எதுவானாலும் பூண்டுப் பல்லின் நடுவரை இறங்க வேண்டும். முழுப் பல்லாகப் போட்டால் மேலே புளித்து உள்ளே புளிக்காமல் நிற்கும். சோதிக்கும்போது எண்ணெயை வடித்துவிட்டுப் பல்லையும் மசாலாவையும் சேர்த்து அரைத்து அந்த விழுதில் பாருங்கள். காகிதப் பட்டை உதவாது, மஞ்சளும் மிளகாயும் அதில் ஏறி நிறம் தெரியாது. பேனா போல வரும் பிஹெச் மீட்டர் வாங்கி, 4, 7 என்ற இரண்டு சோதனைக் கரைசலிலும் சரிபார்த்துவிட்டு வையுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எழுதி வைக்க வேண்டும், முதல் முறை மட்டும் பார்த்தால் போதாது. எலுமிச்சையின் புளிப்பு பருவத்துக்குப் பருவம் மாறும்.

எலுமிச்சை ஊறுகாயில் இந்தக் கவலை குறைவு. அதற்கு விதியே இருக்கிறது: 12 சதவீதத்துக்குக் குறையாத உப்பு, 1.2 சதவீதத்துக்குக் குறையாத புளிப்பு. ‘உப்பைக் குறைத்து ஆரோக்கியமாக’ என்று மாற்றினால் மேலே வெள்ளை ஆடை கட்டும், மூடி உப்பும். ஊறுகாய் ஒன்று வேண்டும் என்றால் எலுமிச்சையைத் தேர்ந்தெடுங்கள், பூண்டை அல்ல.

எஃப்எஸ்எஸ்ஏஐ பற்றியும் ரமேஷ் தவறாகப் புரிந்திருக்கிறார். சின்ன அளவில் செய்பவருக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும் என்பதுதான் விதி. பதிவே வேண்டாம் என்று இல்லை. எஃப்எஸ்எஸ்ஏஐயின் FoSCoS இணையதளத்தில் போடலாம், 14 இலக்க எண் வரும். அது இல்லாமல் கடையில் வைத்தால் கடைக்காரரும் சேர்ந்து மாட்டுவார்.

ருசி_ரமேஷ்

பதிவு விஷயம் சரி, ஏத்துக்கிறேன். ஆனா சோடியம் பென்சோயேட் கொஞ்சம் போட்டா பூண்டும் நிக்குமே? எல்லாக் கம்பெனியும் போடுறாங்க.

உணவு_கீதா

பென்சோயேட் வேலை செய்வதே புளிப்பில்தான். புளிப்பில்லாத பூண்டில் போட்டால் பெயருக்கு இருக்கும். அது ஈஸ்டையும் பூஞ்சணத்தையும் தடுப்பதற்குத்தான் பெரிதும் உதவும், நான் சொன்ன கிருமிக்குப் புளிப்புக்கு மாற்றாக அதை வைக்க முடியாது. போட்டால் அனுமதித்த அளவுக்குள் எடைபோட்டுப் போட்டு, லேபிளில் 211 என்ற எண்ணோடு எழுதவும் வேண்டும். ‘வீட்டுத் தயாரிப்பு, கலப்பில்லாதது’ என்று சொல்லி விற்கிறவருக்கு அது பொருந்துமா என்று அவரே யோசிக்கட்டும்.

சுதன்_டொராண்டோ

இங்கே கனடாவில் வீட்டுப் பொடிக்கு நல்ல கிராக்கி. அக்கா பார்சலில் அனுப்புவீர்களா? 10 கிலோவுக்கு என்ன வரும்? அப்பளமும் வேண்டும்.

மளிகை_முருகேசன்

தம்பி, இங்கே பாபநாசம் கடைக்கு எப்படிப் போடுவது என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஏற்றுமதி வேறு கதை, தனி இழை போடுங்கள்.

கல்லிடை_சங்கரன்

அப்பளம் பற்றி நான் சொல்கிறேன். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் பெரிய தொழில், அங்கே பழகியதை வைத்துச் சொல்கிறேன். கடைக்கு வருஷம் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் என்ன செய்வீர்கள்? தஞ்சாவூரில் அப்போதுதான் மழை. அறைக்குள் மின்விசிறியில் காயவைத்தால் மேல்பக்கம் காய்ந்து நடுவில் ஈரம் நிற்கும். அடுக்கிக் கட்டிய பிறகு அந்த ஈரம் பரவும், பத்துப் பதினைந்து நாளில் நடு அப்பளத்தில் பச்சைப் புள்ளி. பயந்து அதிகமாகக் காயவைத்தால் விளிம்பு வெடிக்கும், கடைக்காரர் மேலே சோப்பு அட்டையை வைத்ததும் பாதி தூள்.

சரியான பதம் இப்படி இருக்கும்: இரண்டு விரலால் மெல்ல வளைத்தால் கொஞ்சம் கொடுத்து, அதன் பிறகு உடைய வேண்டும். தோல் போல மடிந்தால் ஈரம், தொட்டதும் டக்கென்று உடைந்தால் அதிகம் காய்ந்தது.

அப்பளக் காரத்தையும் கவனியுங்கள். நன்றாகப் பொரியட்டும் என்று கூட்டிப் போட்டால் எண்ணெயில் சிவந்து போகும், நாக்கில் சோப்பு மாதிரி ஒரு வழுவழுப்பு. சிவப்பைப் பார்த்து மக்கள் பழைய அப்பளம் என்று நினைப்பார்கள். மைதா கலந்த மலிவு அப்பளத்தோடு விலையில் உங்களால் போட்டி போட முடியாது. அதனால் மாசி முதல் ஆனி வரை தெருவுக்கு மட்டும் செய்யுங்கள்.

வசந்தி_தஞ்சை

ரொம்ப நன்றி. சங்கரன் ஐயா, அப்பளம் இல்லாமல் போக மனசில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் செய்பவரிடம் மொத்தமாக வாங்கி என் பேரில் போடலாமா?

கல்லிடை_சங்கரன்

போடலாம். ஆனால் லேபிளில் செய்தவர் பேர், முகவரி, அவருடைய எஃப்எஸ்எஸ்ஏஐ எண் எல்லாம் வர வேண்டும், ‘சந்தைப்படுத்துபவர்’ என்று உங்கள் பேர் தனியாக. ‘எங்கள் வீட்டுத் தயாரிப்பு’ என்று அதில் எழுதக் கூடாது. அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அது ஒரு வசதி. எனக்கு இதில் பிடிக்காத விஷயம், அவர் மாவில் கைவைத்தால் கெடுவது உங்கள் பொடியின் பேர். அதை முடிவு பண்ண வேண்டியது நீங்கள்.

வசந்தி_தஞ்சை

புரிகிறது, அப்பளம் இப்போதைக்கு வேண்டாம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் என்று மூன்றோடு தொடங்குகிறேன். மாவடு, தொக்கு பருவத்துக்கு முன்பதிவு. பூண்டை மீட்டர் வாங்கிச் சோதிக்கும்வரை தெருவுக்கும் நிறுத்திவிடுகிறேன். சாம்பார் பொடிதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. தேதி எப்படிப் போடுவது, அதையும் சொல்லுங்கள்.

பார்வதி_அரைவை

தேதியை அடுத்தவர் பாக்கெட்டிலிருந்து எடுக்காதீர்கள். அவர்கள் பவுச் வேறு, நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். உங்கள் பவுச்சில் உங்கள் பொடி எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் கணக்கு.

ஒரே நாளில் கட்டிய 12 பாக்கெட்டை எடுங்கள். ஆறை அலமாரி இருட்டில் வையுங்கள். ஆறை கடையில் தொங்குவதுபோல ஜன்னலோரம், வெயில் சாயும் இடத்தில் தொங்கவிடுங்கள். மாதம் ஒன்று இங்கிருந்தும் ஒன்று அங்கிருந்தும் பிரியுங்கள். முதலில் மூக்கு: பவுச்சைத் திறந்த அந்த நொடி வரும் வாடையில் சிக்கு தெரிந்துவிடும், கொஞ்ச நேரம் போனால் மூக்கு பழகிவிடும். பிறகு வெள்ளைக் காகிதத்தில் கொட்டி, கட்டியோ வண்டோ இருக்கிறதா, நிறம் எப்படி என்று பாருங்கள். கடைசியாக நல்லெண்ணெய் விடாமல் வெறும் பொடியை வாயில் போடுங்கள், எண்ணெய் கெட்ட ருசியை மறைக்கும். ஜன்னல் பாக்கெட் ஐந்தாம் மாதம் கெட்டால் நான்கு மாதம் என்று போடுங்கள். ஆறு மாதமும் நின்றாலும் முதல் வருஷம் நான்குக்கு மேல் போகாதீர்கள், மழைக்காலம் ஒன்றைத் தாண்டிப் பார்க்க வேண்டும். சோதனை முடிய ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு மாதம் சரியாக நின்றால், ஒரு மாதத் தேதி போட்டு நாலைந்து கடையில் தொடங்கலாம். வாரா வாரம் போகும் தூரத்தில் அது போதும்.

ஒவ்வொரு நாள் கட்டியதிலும் இரண்டு பாக்கெட்டைத் தேதி எழுதி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து புகார் வந்தால் அதைப் பிரித்துப் பாருங்கள். உங்களுடையதும் கெட்டிருந்தால் தப்பு செய்முறையில், நன்றாக இருந்தால் கடை வைத்த இடத்தில். இது இல்லாமல் யார் தப்பு என்று சண்டைதான் நடக்கும்.

உணவு_கீதா

தஞ்சாவூரிலேயே இருக்கிறீர்கள், அது பெரிய வசதி. முன்பு ஐஐஎஃப்பிடி என்று இருந்து இப்போது நிஃப்டெம் தஞ்சாவூர் ஆகியிருக்கும் நிறுவனத்தில் உணவுப் பரிசோதனைக் கூடம் உண்டு. எலுமிச்சை ஊறுகாயின் உப்பு, புளிப்பு, பொடியின் ஈரம் ஆகியவற்றை மட்டும் பார்த்து வாங்குங்கள். எல்லாச் சோதனையும் ஒரே நேரத்தில் கொடுத்துச் செலவழிக்க வேண்டாம்.

லேபிளில் பலர் விடுவது இரண்டு. கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கும், பெருங்காய டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். அப்படியானால் உங்கள் பொடியிலும் கோதுமை இருக்கிறது என்று எழுத வேண்டும். இரண்டாவது, எம்ஆர்பிக்குப் பக்கத்தில் கிராமுக்கு எவ்வளவு என்பதும் வர வேண்டும்: 100 கிராம் 65 ரூபாய் என்றால் கிராம் 0.65 ரூபாய். எடை போடும் தராசுக்கும் எடையளவைத் துறை முத்திரை வாங்கிவிடுங்கள்.

ஊறுகாய் பாட்டிலைக் கடைக்கு அனுப்புமுன் ஓர் இரவு பழைய செய்தித்தாளில் தலைகீழாக நிறுத்துங்கள். எண்ணெய் வட்டம் தெரிந்தால் வாயில் எண்ணெய் பட்டதால் சீல் பிடிக்கவில்லை. மேலே ஒரு விரல் இடம் விட்டு நிரப்பி, விளிம்பைத் துடைத்து மூடுங்கள். சித்திரை வெயிலில் எண்ணெய் விரிந்து ஏறும்.

மளிகை_முருகேசன்

சாம்பார் பொடி பற்றி: என் கடையில் அது பெரிய கம்பெனிகளின் பத்து ரூபாய் பாக்கெட்டில்தான் ஓடுகிறது. 100 கிராம் வாங்குகிறவர்கள் கொஞ்சம். நான் எடுக்க மாட்டேன்.

பார்வதி_அரைவை

அண்ணே, இதில் எனக்குக் கருத்து வேறு. சாம்பார் பொடி ஒரு வீட்டில் பிடித்துவிட்டால் மாதாமாதம் வாங்குவார்கள். இட்லிப் பொடி அப்படி இல்லை, தீர்ந்தால் அடுத்த மாதம் மறந்துவிடுவார்கள். கடையில் ஓடாதது சரிதான், ஆனால் தெருவில் 200 கிராமாகக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. ஒரு வருஷம் கழித்து நாலாவது வகை எது என்றால் நான் சாம்பார் பொடியைத்தான் சொல்வேன்.

மளிகை_முருகேசன்

வந்தால் பார்ப்போம். வசூல் பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். முதல் சரக்கை ‘விற்றபிறகு காசு’ என்று வையுங்கள், ஆனால் வகைக்கு 6-க்கு மேல் வேண்டாம். இரண்டாவது தடவையிலிருந்து, பழையதற்குக் காசு வாங்கிக்கொண்டுதான் புதியது. இரண்டு பில் பாக்கி நிற்கிற கடைக்கு மூன்றாவது போடாதீர்கள். திரும்புகிறதை அடுத்த பில்லில் கழிக்காமல் அன்றே மாற்றிக் கொடுங்கள். பில்லில் கழித்துக்கொண்டே போனால் யாருக்கு எவ்வளவு என்று மூன்று மாதத்தில் இருவருக்கும் தெரியாது.

ருசி_ரமேஷ்

கடனே கொடுக்காம கையில காசுன்னு சொன்னா என்ன? சில கடையில வாங்குறாங்களே.

மளிகை_முருகேசன்

20 சதவீதத்தை 25 ஆக்கினால் சிலர் கையில் காசு தருவார்கள். அந்த 5 சதவீதம் லாபமா நஷ்டமா என்பது உங்கள் கையிருப்பைப் பொறுத்தது. பெரிய மாடர்ன் ஸ்டோரில் அதுவும் நடக்காது, மாதம் கழித்துத்தான் காசு. கடனைத் தாங்கும் முதல் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

வசந்தி_தஞ்சை

ஒரு கடைசிச் சந்தேகம். காரைக்காலில் உறவினர் கடை இருக்கிறது, அவரும் கேட்கிறார். அங்கேயும் போடலாமா?

பார்வதி_அரைவை

இப்போது வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. பஸ்ஸில் சில மணி நேரம்தான் என்றாலும் கணக்குக்கு அது வெளிமாநிலம், முதல் பாக்கெட்டுக்கே பதிவு வேண்டும். பொடிக்கும் ஊறுகாய்க்கும் வரி 5 சதவீதம், அது எம்ஆர்பிக்குள்ளேயே அடங்க வேண்டும். 65 ரூபாயில் 3.10 வரிக்குப் போகும், கணக்குத் தாக்கல் செய்யும் செலவு தனி. மேலே போட்ட கணக்கில் அதைக் கழித்துப் பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்கள்.